மொத்தப் புள்ளியை மட்டும் எழுதினால் போதாது

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு தொடர்மாடி வீடு. அங்கே 74 வயதான ஓர் அம்மா மகளுடன் வசிக்கிறார். ஏழு வாரங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர். நான் போவதற்கு முன்பே மகள் போசணைப் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். மொத்தம் 11 புள்ளி. "அம்மா மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார், மிஸ்" என்றார். அந்த அம்மாவின் கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் படிவம்தான் எம்.என்.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படும் குறும் போசணை மதிப்பீடு. 65 வயதைத் தாண்டியவர்களுக்காக உருவாக்கப்பட்டது. முழு வடிவத்தில் 18 கேள்விகளும் 30 புள்ளிகளும் உண்டு. வீட்டில் பெரும்பாலும் பயன்படுவது 6 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம். அதன் உச்சம் 14 புள்ளி. 12 முதல் 14 வரை இயல்பு நிலை, 8 முதல் 11 வரை மந்தபோசணை ஏற்படக்கூடிய நிலை, 7 அல்லது அதற்குக் கீழே மந்தபோசணை. உணவு குறைந்ததா, எடை குறைந்ததா, நடமாட்டம் எப்படி, கடந்த 3 மாதங்களில் கடும் நோயோ பெரும் மனத்துயரோ வந்ததா, மறதி நோயோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு என்பவையே அந்த ஆறு கேள்விகள்.

பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது அம்மா மேசையில் உட்காருவதைத்தான், தட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதை அல்ல. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் அந்த அம்மாவிடமே மறுபடி கேட்டேன்.

முதல் கேள்விக்கு மகள் கொடுத்தது 2, அதாவது உணவு குறையவில்லை என்று. முந்தின நாள் சாப்பாட்டை விடியற்காலையிலிருந்து சொல்லச் சொன்னேன். வெறும் தேநீர், மூன்று இடியப்பமும் சொதியும், மதியம் ஒரு சிறு கோப்பைச் சோறும் பருப்பும், இரவு சொதியில் நனைத்த இரண்டு துண்டுப் பாண். மீன் இல்லையா என்று கேட்டதும் பொய்ப்பல்லைக் கழற்றிக் காட்டினார். காய்ச்சலுக்குப் பின் அது ஈறில் நிற்பதில்லையாம். சோற்றைப் பாதியாக்கியது சீனி வருத்தத்துக்காக. "கூடச் சாப்பிட்டால் சீனி ஏறிவிடும் பிள்ளை" என்றார். இதற்கு 1 புள்ளிதான் கொடுக்க முடியும்.

இரண்டாவது கேள்வி எடையிழப்பு. மகள் "தெரியாது" என்று குறித்திருந்தார். அந்த விடைக்கும் 1 புள்ளி உண்டு. 3 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் 0 என்பதால், தெரியாது என்று சொல்பவர் உண்மையைவிட நல்ல நிலையில் இருப்பதாகப் படிவம் காட்டிவிடும். கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். பதினொரு வாரங்களுக்கு முன், டெங்கு வருவதற்கு முன்னர், 49.5 கிலோ என்று எழுதியிருந்தது. நான் கொண்டுபோன தராசைச் சீமெந்துத் தரையில் வைத்து நிறுத்தேன். 46 கிலோ. மூன்றரைக் கிலோ போயிருக்கிறது. விடை 0.

டெங்கு "சுகமாகிவிட்டது" என்பதால் நான்காவது கேள்விக்கு இல்லை என்று போட்டிருந்தார்கள். கேட்கப்படுவது இப்போது நோய் இருக்கிறதா என்பதல்ல, மூன்று மாதங்களுக்குள் வந்ததா என்பதே. ஆகவே 2 அல்ல, 0. வெளியே போய்வருகிறார், மறதியோ சோர்வோ தெரியவில்லை. அந்த இரண்டுக்கும் 2 வீதம் முழுப் புள்ளி.

கடைசியில் உடற்திணிவுச் சுட்டி. கிலோவிலான எடையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. சுவரோரம் நிறுத்தி அளந்தபோது 146 சென்ரிமீற்றர் வந்தது. சுட்டி 21.6, அதற்கு 2 புள்ளி. ஆனால் அவருடைய முதுகு வளைந்திருக்கிறது. வளைந்த முதுகு உயரத்தைக் குறைக்கும், குறைந்த உயரம் சுட்டியை ஏற்றிவிடும். அப்போது கையை நீட்டி அளக்கிறோம். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையிலான பிளவு வரை உள்ள நீளத்தைப் பெண்களுக்கு 1.35 ஆல் பெருக்கி 60.1 ஐக் கூட்டினால் உயரம் கிடைக்கும். 68 சென்ரிமீற்றர் இருந்தது. உயரம் 152, சுட்டி 19.9. இப்போது 1 புள்ளி. எடையோ உயரமோ எடுக்கவே முடியாதபோதுதான் கெண்டைக்கால் சுற்றளவு: 31 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் 0, மற்றபடி 3. கால் வீங்கியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது.

மொத்தம் 11 அல்ல, 6.

குறிப்பில் வெறுமனே "6/14, மந்தபோசணை" என்று எழுதினால் அடுத்து வாசிக்கும் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. நான் வரிசையாக எழுதுவேன்: 1-0-2-0-2-1, சுட்டி கை நீட்டத்தின்படி. இப்படி எழுதினால் புள்ளி எங்கே போனது என்று தெரியும். பிறவியிலேயே மெலிந்த உடல்வாகுள்ள நம் மூதாட்டிகள் பலருக்கு, எடை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தாலும், சுட்டியில் மட்டும் இரண்டு மூன்று புள்ளி குறையும். அந்தக் குறைவும் இந்த அம்மாவின் குறைவும் ஒன்றல்ல.

இன்னொன்று, இது சல்லடை மட்டுமே. மந்தபோசணை என்று உறுதிசெய்ய வேறு அளவுகோல் வேண்டும். எடையிழப்பை நூற்றுவீதமாக்கினால் 7. ஆறு மாதத்துக்குள் 5 வீதத்துக்கு மேல், 10 வீதம் வரை குறைவதும், கூடவே உணவு குறைந்திருப்பதும் சேர்ந்தால் இன்று உலகளவில் ஏற்கப்பட்ட கிளிம் வரையறைப்படி மிதமான மந்தபோசணை. அதையும் காரணத்தோடு எழுதினேன்: "டெங்குவுக்குப் பின், பொருந்தாத பொய்ப்பல்லாலும் நீரிழிவுக்கான அளவுமீறிய பத்தியத்தாலும்." இந்த வரிதான் குறிப்பின் உயிர் என்பது என் எண்ணம். சிகிச்சை இதிலிருந்துதான் பிறக்கிறது.

தேவை கிலோவுக்கு 30 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1,380. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் 55. அவர் உண்டதில் புரதம் ஏறத்தாழ 30 கிராம்தான். சிறுநீரகச் சோதனை முடிவைக் கொப்பியில் பார்த்துவிட்டு, ஓர் அவித்த முட்டை, இரண்டு தேநீரிலும் சேர்த்து 30 கிராம் பால்மா, முள் நீக்கி மசித்த ஒரு துண்டு மீன் என்று சேர்த்தோம். சோற்றை மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, சீனி அளவை வீட்டிலேயே பார்க்கச் சொன்னேன். பல் மருத்துவரிடம் அனுப்பக் கடிதமும் எழுதினேன்.

மூன்று மாதத்தில் படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டும். அங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. இந்தப் படிவத்தின் ஞாபகம் மூன்று மாதம் மட்டுமே. அதற்குள் டெங்கு எல்லையைத் தாண்டிவிடும், 0 இருந்த இடத்தில் 2 வரும். எடை 46 கிலோவிலேயே நின்றாலும் "குறையவில்லை" என்பதற்கு 3 கிடைக்கும். அரைவயிறு பழகிப்போயிருந்தால் உணவும் குறையவில்லை என்றாகி 2 விழும். கூட்டிப் பாருங்கள்: 2-3-2-2-2-1, மொத்தம் 12. ஒரு கிராம்கூட ஏறாமல் அவர் "இயல்பு நிலைக்கு" வந்துவிடுவார்.

ஆகவே குறிப்பின் கடைசியில் இப்படி எழுதி வைத்தேன்: "மீளாய்வில் மொத்தப் புள்ளியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒப்பிட வேண்டிய எடை 46 அல்ல, 49.5 கிலோ. இரு வாரத்துக்கு ஒருமுறை அதே தராசில், காலை உணவுக்கு முன் நிறுக்கவும்."

ஐந்து வாரம் கழித்து மகள் தொலைபேசியில் சொன்ன எடை 46.8. புதிய பொய்ப்பல் இன்னும் வரவில்லை, மீனை மசித்தே கொடுக்கிறார்கள்.