மீட்டுருவாக்கம்: ‘ரிவர்ஸ் எஞ்சினியரிங்’ என்பதற்கு எந்தச் சொல் பொருந்தும்?

‘ரிவர்ஸ்’ என்பதன் வேர் லத்தீன். திரும்புதல் என்று பொருள். ‘எஞ்சின்’ என்பதும் லத்தீன் வழி வந்ததே, அதன் மூலச்சொல் இயல்பான அறிவுத்திறனைக் குறித்தது. வரைபடத்திலிருந்து பொருளுக்குப் போவது வழக்கமான பொறியியல். கையில் இருக்கும் பொருளிலிருந்து வரைபடத்துக்குத் திரும்பி வருவது ரிவர்ஸ் எஞ்சினியரிங். தமிழில் இதற்கு எதிர்ப்பொறியியல், தலைகீழ்ப் பொறியியல், பின்னோக்குப் பொறியியல், மீள்பொறியியல் என்று பல சொற்கள் உண்டு. பட்டறையில் கேட்டால் ‘சாம்பிள் பார்த்து டிராயிங் போடுறது’ என்பார்கள்.

‘எதிர்’ என்றால் பகை என்ற தொனி வந்துவிடுகிறது. ‘தலைகீழ்’ என்பது கவிழ்ந்து கிடப்பதைச் சொல்கிறது. ‘பின்னோக்கு’ தவறில்லை, ஆனால் அது திசையை மட்டுமே சொல்கிறது. பழைய உதிரிபாகத்தை ஸ்கேன் செய்து மாடல் கட்டும் வேலைக்கு ‘வடிவ மீட்டுருவாக்கம்’ என்பதே நெருக்கமான சொல். அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்கிறோம். மீட்பது அந்த நகையைத்தான், அதன் நகலை அல்ல. இந்த வேலையிலும் மீட்க வேண்டியது வடிவமைத்தவர் குறித்த அளவு. தேய்ந்துபோன இரும்பின் இன்றைய அளவு அதற்கான தடயம் மட்டுமே.

நகலுக்கும் மீட்டுருவாக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பொருளில் பார்ப்போம். பழைய பிரிட்டிஷ் இயந்திரம் ஒன்றின் வார்ப்பிரும்பு பேரிங் ஹவுசிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பிடித்து வைக்கும் கூடு என்று வைத்துக்கொள்வோம். அடியில் இரண்டு கால்கள், காலுக்கு ஒரு போல்ட் துளை, நடுவில் பேரிங் உட்காரும் வட்டத் துளை, அதுதான் போர். டிராயிங் இல்லை. ஸ்கேனர் தருவது எஸ்.டி.எல். கோப்பு: சில லட்சம் சிறு முக்கோணங்களால் பின்னிய வலை. அதற்குப் போர் எது, கால் எது என்று தெரியாது. அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புகூட அந்தக் கோப்பில் இருக்காது.

முதல் வேலை, வலையை நேராக நிறுத்துவது. கால்களின் அடிப்பரப்பில் ஒரு தளத்தைப் பொருத்தி அதைக் கிடைமட்டமாக்க வேண்டும். போரில் ஒரு உருளையைப் பொருத்தி அதன் அச்சை ஒரு திசைக்குக் கொண்டுவர வேண்டும். போரின் முன்முகத்தைத் தொடக்கமாக வைத்தால் மூன்று திசையும் பூட்டிவிடும். இதைச் செய்யாமல் ஸ்கெட்ச் போடத் தொடங்கினால் எல்லா அளவும் சிறு கோணத்தில் சாய்ந்தே வரும். எங்கே பிழை என்று கடைசிவரை பிடிபடாது.

அடுத்தது பரப்புப் பொருத்தம். தேர்ந்தெடுத்த புள்ளிகளிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் தளத்தையோ உருளையையோ கூம்பையோ மென்பொருள் தேடித் தரும். வர்க்கம் எடுப்பதால் ஒரே ஒரு துருப்புடைப்புகூட விடையைத் தன் பக்கம் இழுத்துவிடும். விளிம்பும் அப்படித்தான், ஸ்கேனர் கூர்மையான விளிம்பைச் சற்று மழுக்கியே காட்டும். அதனால் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியே பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் போரில் முழு உள்பரப்பையும் எடுத்து உருளை பொருத்தினால் விட்டம் 57.31 மி.மீ. என்று வருகிறது. புதியவர் 57.3 என்று எழுதிவிடுவார். விலகலை நிறத்தில் காட்டச் சொன்னால், கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு திட்டு தெரியும். சுமை விழும் பக்கம் அது; பேரிங்கின் வெளிவளையம் நழுவிச் சுற்றித் தேய்த்திருக்கிறது. தேயாத மேல்பாதியை மட்டும் எடுத்துப் பொருத்தினால் 57.18 வருகிறது. போர் மைக்ரோமீட்டரும் தேயாத திசையில் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இப்போது 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.251. அதாவது இரண்டேகால் அங்குலம், 57.15 மி.மீ. ஆர்.எல்.எஸ். 8 என்ற அங்குல பேரிங்கின் வெளிவிட்டம் அதேதான். உள்விட்டம் 1 அங்குலம், அகலம் எட்டில் ஐந்து அங்குலம். தண்டின் விட்டம் 25.4-க்கு அருகில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிராயிங்கில் 57.15 எச்7 என்று எழுதலாம். அதாவது பூஜ்யம் முதல் 0.030 வரை கூடுதலாக இருக்கலாம். ஸ்கேன் காட்டிய 57.31-ஐ அப்படியே கடைந்திருந்தால் புதிய ஹவுசிங்கும் முதல் நாளே தேய்ந்த ஹவுசிங்காக இருந்திருக்கும்.

ஒன்று கண்டுபிடித்தால் மற்றவை வரிசையாக விழும். துளை மையங்களுக்கு இடையே 114.21 என்றால் அது நாலரை அங்குலம், 114.3. மைய உயரம் 50.74 என்றால் 2 அங்குலம். 1944-இல் விளாடிவோஸ்டாக் அருகே இறங்கிய அமெரிக்க பி-29 விமானங்களைப் பிரித்து டியூ-4 கட்டிய சோவியத் பொறியாளர்களுக்கும் இதே அங்குலம்தான் இடறியது. மேல்தகடு பதினாறில் ஒரு அங்குலம். அவர்களிடம் இருந்தவை மெட்ரிக் தகடுகள். நம் வேலையில் தகடு தேட வேண்டியதில்லை, எண்ணைப் புரிந்துகொண்டால் போதும்.

அதிகம் ஏமாற்றுவது சிறு வில். கால் உடலோடு சேரும் வளைவில் 30 பாகை மட்டுமே தெரிகிறது, ஆரம் 20 மி.மீ. என்று கொள்வோம். அந்த வில்லின் நாண் 10.35 மி.மீ., நாணிலிருந்து வில்லின் உயரம் 0.68 மி.மீ. மட்டும். ஆரம் வரும் வழி:

```
R = c²/(8s) + s/2
```

இதில் c நாண், s உயரம். உயரத்தில் 0.05 மி.மீ. பிசகினால் ஆரம் 18.7 முதல் 21.6 வரை எங்கு வேண்டுமானாலும் வரும். மணல் வார்ப்பின் சொரசொரப்பே அதைவிடக் கூடுதல். ஆகவே அங்கே உருளை பொருத்திப் பயனில்லை. இரண்டு பக்கத் தளங்களையும் சரியாகப் பொருத்திவிட்டு, நடுவில் 20 என்று வளைவு கொடுப்பதே வழி. வார்ப்பின் பக்கச் சுவர்களும் அப்படியே. ஒன்று 1.7 பாகை, மற்றொன்று 2.2 பாகை சாய்ந்திருந்தால், இரண்டுக்கும் 2 பாகை கொடுங்கள். வார்ப்புக்காக மணலில் அச்சு பதிக்கும் மாதிரிதான் பேட்டர்ன்; அதை மணலிலிருந்து உருவ வைத்த சரிவு அது.

வலை முழுவதையும் நெளிபரப்புகளால் ஒரே சொடுக்கில் போர்த்தித் தரும் வசதியும் மென்பொருள்களில் உண்டு. பம்பு இம்பெல்லரின் இறகு போன்ற வடிவங்களுக்கு அது ஏற்றது. ஹவுசிங்குக்குப் பயன்படுத்தினால் தேய்மானமும் துருவும் சேர்ந்தே மாடலாகிவிடும். அது நகல், மீட்டுருவாக்கம் அல்ல. மாற்ற ஒரு அளவுகூட அதில் கிடைக்காது.

முடித்த மாடலை வலையின் மேல் வைத்துப் பார்க்கும்போது போரின் கீழ்ப்பாதி விலகலின் நிறத்தில் தெரியும். அது பிழையில்லை, தேய்மானம். ஒரு பக்கச் சுவர் முழுதும் சிவப்பும் எதிர்ப்பக்கம் முழுதும் நீலமுமாக இருந்தால்தான் கவலை: மாடல் தள்ளி நிற்கிறது, நிறுத்திய விதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த மாடலைப் பேட்டர்ன் செய்பவரிடம் கொடுக்கும்போது, இது முடிந்த பொருளின் அளவு என்று எழுதிக் கொடுங்கள். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அந்தக் கூடுதலையும் போரில் கடைசலுக்கான 2, 3 மி.மீ. இருப்பையும் அவர்தான் சேர்க்க வேண்டும். பழைய வார்ப்பையே பேட்டர்னாக மணலில் அழுத்தினால் நாலரை அங்குலத் துளை இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் குறைந்து வரும், போல்ட் இறங்காது.