'செத்துட்டேன்' என்பது பாராட்டா, புகாரா?

மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இயர்பட் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய சோஷியல் லிஸனிங் மென்பொருள், பிராண்ட் பெயர் வரும் கமென்ட்டுகளைத் திரட்டி ஒவ்வொன்றுக்கும் நல்லது, கெட்டது, நடுநிலை என்று முத்திரை குத்துகிறது. போன வாரம் 18 சதவீதமாக இருந்த 'கெட்டது' இந்த வாரம் 31. உடனே பதறுவதா?

முதலில் கமென்ட்டுகளைப் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட மென்பொருள்களில் எளிமையானவை சொற்பட்டியலை வைத்து வேலை செய்பவை. 'பேஸ் சவுண்ட் கேட்டு செத்துட்டேன், வெறித்தனம்' என்பதை அவை திட்டாக எண்ணும். 'சூப்பர், ரெண்டே மாசத்துல மண்டையப் போட்டுடுச்சு' என்பதைப் பாராட்டாக எண்ணும். கிண்டல் அவற்றுக்குப் பிடிபடாது.

குழு, இரண்டு வாரத்திலிருந்தும் குலுக்கல் முறையில் தலா 200 கமென்ட்டுகளை எடுத்தது. அதற்கு முன்பே பரிசுப்போட்டிப் பதிவுகளையும் ஒரே வரியை ஒட்டி ஒட்டிப் போட்டவற்றையும் நீக்கியாயிற்று. முதல் 50ஐ இருவர் தனித்தனியே வகைப்படுத்தினார்கள். இந்தப் படியைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். இருவரும் அடிக்கடி முரண்பட்டால் கோளாறு கமென்ட்டில் இல்லை, 'கெட்டது' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வரையறையில் இருக்கிறது.

கையால் எண்ணியபோது போன வாரம் 38, இந்த வாரம் 44. அதாவது 19 சதவீதமும் 22 சதவீதமும். 200 கமென்ட் மட்டும் எடுக்கும்போது இந்தச் சதவீதம் தற்செயலாகவே ஏறக்குறைய 6 புள்ளிகள் இப்படியோ அப்படியோ போகலாம். ஆக, மூன்று புள்ளி உயர்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சரி, அந்த 44 பேருக்கும் என்னதான் கோபம்? காரணவாரியாகப் பிரித்ததும் விஷயம் வெளியே வந்தது. 'இடது பட் சார்ஜ் ஏறவில்லை' என்று 19 பேர். போன வாரம் நாலே பேர். இது தற்செயலாக நடக்கக்கூடிய வித்தியாசம் அல்ல. மொத்த 'கெட்டது' சதவீதம் அசைந்ததாகவே சொல்ல முடியாதபோது, அடியில் ஒரு புகார் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகியிருந்தது.

19 பேருக்கும் பதில் எழுதிப் படம் கேட்டார்கள். 11 படங்கள் வந்தன. எல்லாப் படங்களிலும் இருந்தது பெரிய அளவு ரப்பர் முனை. அதைப் போட்டால் பட் பெட்டிக்குள் ஒரு நூலளவு உயர்ந்து நிற்கிறது, சார்ஜ் ஊசியைத் தொடுவதில்லை. புது சப்ளையர் அனுப்பிய முனை அது. இடது பக்கக் குழி கொஞ்சம் இறுக்கம் என்பதால் அங்கேதான் முதலில் தெரிந்தது.

கமென்ட் போடுகிறவர்கள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பிரதிநிதிகள் அல்ல. அதனால் திரும்பி வந்த பெட்டிகளின் பதிவேட்டையும் பார்த்தார்கள்: இதே குறையோடு மூன்று. புலம்பியவர்களில் பலர் பொருளைத் திருப்பி அனுப்பவே இல்லை போலும். பழைய முனைக்கே மாறுவது, வாங்கியவர்களுக்கு மாற்று முனை அனுப்புவது என்று அன்றே முடிவானது. அப்புறம் அதே முறையில் வாரா வாரம் 200 கமென்ட் எடுத்து அந்த ஒரு வகையை மட்டும் எண்ணினார்கள். மூன்றாவது வாரம் ஆறு பேர். ஆறுமே மாற்று முனை இன்னும் போய்ச் சேராதவர்கள்.