சிகரெட் பங்கை விற்றால் பென்ஷன் குறையுமா?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு ஓய்வூதியத் திட்டங்களுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் லண்டன், சிட்னி பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் தங்கள் பென்ஷன் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். கொஞ்ச வருடங்களாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “எங்க ஃபண்டுல எத்திக்கல்னு ஒண்ணு, க்ளைமேட்னு ஒண்ணு இருக்கு. நிலக்கரி, சிகரெட், ஆயுதம் எதிலயும் போட மாட்டாங்களாம். அதுக்கு மாறினா கடைசியில கைக்கு வர்றது குறையுமா?”

ஃபண்டை விற்பவர்கள் குறையவே குறையாது, கூடத்தான் செய்யும் என்பார்கள். இதை எதிர்ப்பவர்கள், உங்கள் சேமிப்பில் அரசியல் செய்கிறார்கள் என்பார்கள். இருவரும் தங்களுக்குத் தோதான வருடத்திலிருந்து தோதான வருடம் வரைக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். நான் அவர்களுக்குப் பதிலாகக் கலிஃபோர்னியா கதையைச் சொல்வேன், ஏனென்றால் அங்கே கணக்கை வெளிப்படையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கால்பெர்ஸ் என்பது கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி, அமெரிக்காவிலேயே பெரிய பொது ஓய்வூதிய நிதி. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் நிர்வாகக் குழு புகையிலைக் கம்பெனிப் பங்குகளை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தது. வெறும் தர்ம சிந்தனையில் எடுத்த முடிவு இல்லை அது. 1998-இல்தான் புகையிலைக் கம்பெனிகள் 46 மாநிலங்களுக்கு 200 பில்லியன் டாலருக்கு மேல் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தன. 2000 ஜூலையில் மயாமியில் ஒரு ஜூரி 145 பில்லியன் டாலர் தண்டத்தொகை விதித்தது. இந்தக் கம்பெனிகள் திவாலாகிவிடும் என்று பலரும் நம்பிய நேரம். சரி, நல்லதும் ஆச்சு, ஆபத்தும் விலகியாச்சு என்றுதான் விற்றார்கள்.

நடந்தது தலைகீழ். அந்த 145 பில்லியன் தண்டம் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. எல்லாரும் பயந்து விலகியதால் பங்குவிலை அடிமட்டத்தில் கிடந்தது, ஆனால் சிகரெட் விற்று வரும் லாபம் நிற்கவில்லை, அதை அப்படியே டிவிடெண்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பதினைந்து வருடங்களில் அந்தப் பங்குகள் பறந்தன. 2016-இல் கால்பெர்ஸின் ஆலோசக நிறுவனமான வில்ஷயர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, விற்றதால் கைவிட்ட லாபம் சுமார் 3.6 பில்லியன் டாலர் என்று வந்தது. நிதியின் ஊழியர்களே தடையை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2016 டிசம்பரில் குழு அதை ஏற்கவில்லை, தடையை வெளி மேலாளர்களிடம் இருந்த பணத்துக்கும் சேர்த்து விரிவாக்கியது.

இந்த 3.6 பில்லியனைத்தான் எதிர்ப்பாளர்கள் எல்லா மேடையிலும் தூக்கிக் காட்டுவார்கள். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பதினாறு வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், வருடத்துக்கு கால் பில்லியனுக்கும் கீழே வரும். அந்தக் காலத்தில் நிதியின் மொத்த அளவு ஏறி இறங்கி 2016-இல் சுமார் 300 பில்லியனில் நின்றது. சராசரியாக 200 பில்லியன் என்று வைத்தால், இழப்பு வருடத்துக்கு சுமார் 0.1 சதவீதம். இத்தனைக்கும் விற்பதற்கு அதைவிட மோசமான நேரத்தை யாரும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

2016 டிசம்பரில் தடையை விரிவாக்கிய அதே வாரத்தில் அதே குழு இன்னொரு முடிவும் எடுத்தது. எதிர்காலத்தில் நிதி வருடத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கும் என்ற அனுமானத்தை 7.5 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்குப் படிப்படியாக இறக்குவது என்று. அது 0.5 சதவீதம், புகையிலை விட்டதைப்போல ஐந்து மடங்கு. நிதி குறைவாகச் சம்பாதிக்கும் என்று வைத்தால் மிச்சத்தை வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், நகராட்சிகளும் பள்ளிகளும் கட்ட வேண்டிய பணத்தைக் கூட்டியது அந்த முடிவுதான்.

இங்கேதான் ‘உறுப்பினருக்கு எவ்வளவு’ என்ற கேள்வி இரண்டாகப் பிரிகிறது. கால்பெர்ஸ் மாதிரித் திட்டங்களில் பென்ஷன் என்பது சர்வீஸ் வருடம், கடைசிச் சம்பளம் இவற்றை வைத்து ஒரு சூத்திரத்தில் வருவது. நிதி நன்றாகச் சம்பாதித்தாலும் சொதப்பினாலும் ஓய்வுபெற்ற ஒரு தீயணைப்பு வீரருக்கு வாக்களித்த தொகை மாறாது, அந்த 3.6 பில்லியன் வேலை கொடுப்பவர் தலையில், அதாவது வரி கட்டுபவர் தலையில் விழுகிறது. அதனால்தான் ஓட்டுப் போடும்போது உறுப்பினர் பிரதிநிதிகளுக்கு மனம் இளகுவது சுலபம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நெதர்லாந்தில் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களின் ஏபிபி நிதியிலும் இதையே இன்னும் வேடிக்கையாகப் பார்க்கலாம். 2021 அக்டோபரில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி உற்பத்தி செய்யும் கம்பெனிகளிலிருந்து, சுமார் 15 பில்லியன் யூரோ மதிப்புள்ள பங்குகளிலிருந்து, படிப்படியாக வெளியேறுவதாக அறிவித்தார்கள். நாலே மாதத்தில் உக்ரைன் போர் வந்தது. 2022-இல் அமெரிக்கச் சந்தை மொத்தமாகச் சரிந்தபோது எரிசக்திப் பங்குகள் மட்டும் ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறின. ஏபிபிக்கு முதலீட்டில் அந்த வருடம் பெரிய நஷ்டம். அப்படியிருந்தும் 2023 ஜனவரியில் பென்ஷனை 11.96 சதவீதம் உயர்த்தினார்கள்! காரணம், வட்டி விகிதம் ஏறியதால் வருங்காலத்தில் கொடுக்க வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பு மடமடவென்று குறைந்தது, கொடுக்க வேண்டியதோடு ஒப்பிட்டால் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற கையிருப்பு விகிதம் சரியாகிவிட்டது. அங்கே உறுப்பினரின் பென்ஷனைத் தூக்கியது வட்டி விகிதம், எண்ணெய்ப் பங்கு வைத்திருந்ததோ விற்றதோ அந்தப் பக்கமே வரவில்லை.

ஆனால் உங்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்த வகை இல்லை. பிரிட்டனின் நெஸ்ட், ஆஸ்திரேலிய சூப்பர், இங்கே என்பிஎஸ் எல்லாமே உங்கள் பேரில் ஒரு தனிக் கணக்கு. சந்தை கொடுப்பது நேராக உங்களுக்கு, பறிப்பதும் உங்களிடமிருந்தே. அப்போது 0.1 சதவீதம் எவ்வளவு?

வருடம் 1,20,000 ரூபாய், முப்பது வருடம், வருடத்துக்கு 10 சதவீதம் வளர்ச்சி என்று வையுங்கள் (10 என்பது கணக்குக்காகத்தான், யாரும் வாக்குக் கொடுக்கவில்லை). முடிவில் சுமார் 1 கோடியே 97 லட்சம் வரும். கால்பெர்ஸ் மாதிரி மோசமான நேரத்தில் விலகியதாக நினைத்து 9.9 சதவீதம் போட்டால் சுமார் 3.7 லட்சம் குறையும், மொத்தத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. இப்போது வேறொரு நிலைமை. நல்ல பேர் வைத்த ஒரு ஃபண்டு, அந்தப் பேருக்காகவே வருடத்துக்கு 0.5 சதவீதம் கூடுதல் கட்டணம் வாங்குகிறது என்று வையுங்கள். 9.5 சதவீதத்தில் முடிவுத் தொகை 1 கோடியே 80 லட்சம்கூட எட்டாது, 17 லட்சத்துக்கு மேல் போய்விடும். புகையிலையை விட்டதில் போனது கூடலாம் குறையலாம், ஒரு பத்து வருடம் உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பலாம். கட்டணத்தில் போனது எந்த வருடமும் திரும்பாது.

சாதகமாகத் திரும்பும் என்று சும்மா சொல்லவில்லை. கால்பெர்ஸ் தடையை உறுதிசெய்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, புகையிலைப் பங்குகள் விழ ஆரம்பித்துவிட்டன. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 2018-இல் மட்டும் கிட்டத்தட்டப் பாதி விலைக்கு வந்தது. எண்ணெய்க் கம்பெனிகளும் அப்படித்தான். 2010-களில் அமெரிக்கச் சந்தையில் கடைசி இடத்தில் கிடந்த துறை அது, 2020-இல் எக்ஸான் மொபிலை டவ் ஜோன்ஸ் குறியீட்டிலிருந்தே தூக்கினார்கள். அந்தப் பத்து வருடம் எண்ணெய் இல்லாத ஃபண்டு வைத்திருந்தவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்திருப்பார், 2022-இல் நினைப்பு மாறியிருக்கும்.

நெஸ்டின் ஷரியா ஃபண்டும் ஓர் உதாரணம். வங்கி, மது, புகையிலை எதுவும் கிடையாது. நெடுங்காலம் நெஸ்டின் மற்ற ஃபண்டுகளைவிட அது நன்றாக ஓடியது. விலக்கியதால் வந்த புண்ணியம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்தக் காலத்தில் அதன் பணம் முழுவதும் பங்குகளில் இருந்தது, வங்கிகளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனிகள்தான். பல எத்திக்கல் ஃபண்டுகளின் நல்ல காலத்துக்குப் பின்னாலும் இதே கதைதான். அதனால் எத்திக்கல் ஃபண்டின் அறிக்கையில் முதல் பத்துப் பங்குகளைப் பார்த்தால் போதும், நீங்கள் எதன்மேல் பந்தயம் கட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அறிக்கையில் பலரும் தாண்டிப்போகும் இன்னொரு இடம் ஒப்பீட்டுக் குறியீடு, அதாவது ஃபண்டு தன் வருமானத்தை எந்தப் பங்குப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது என்பது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி (உண்மையில் அது எண்ணெய்ப் பணச் சேமிப்பு, தனி மனிதர் கணக்கு எதுவும் அதில் இல்லை) ஒரு கம்பெனியை நெறிமுறை காரணமாக விலக்கினால் அது ஒப்பிடும் குறியீட்டிலிருந்தும் அந்தக் கம்பெனி போய்விடும். இதனால் என்ன ஆகும்? விலக்கியதால் வரும் லாப நஷ்டம் எதுவும் ‘குறியீட்டைவிட எவ்வளவு கூட, குறைய’ என்ற வரியில் தெரியவே தெரியாது. நார்வேக்காரர்கள் நாணயமாக அதைத் தனியாகக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். பொருளுக்காக, அதாவது புகையிலை, சில வகை ஆயுதங்களுக்காக, விலக்கியது வருமானத்தைக் குறைத்தது, மோசமான நடத்தைக்காக விலக்கியது சற்றுக் கூட்டியது என்று அவர்கள் அறிக்கைகள் காட்டியிருக்கின்றன. உங்கள் ஃபண்டு தன்னை ஒரு எத்திக்கல் குறியீட்டோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டால், சாதாரண உலகச் சந்தைக் குறியீடு அதே காலத்தில் எவ்வளவு தந்தது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் பிஎஃப் போடுபவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. இபிஎஃப்ஓ 2015-இலிருந்து புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை நிஃப்டி, சென்செக்ஸ் ஈடிஎஃப்களில் போடுகிறது, நிஃப்டியில் ஐடிசி உண்டு, கோல் இந்தியா உண்டு, ஓஎன்ஜிசி உண்டு. வட்டி வருடாவருடம் அறிவிக்கப்படுவதால் அந்தப் பங்குகள் உங்களுக்கு எவ்வளவு தந்தன என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

நெஸ்டில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அங்கே எத்திக்கல் ஃபண்டுக்கும் சாதாரண ஃபண்டுக்கும் ஒரே கட்டணம், வருடத்துக்கு 0.3 சதவீதம், கட்டும் தொகையில் 1.8 சதவீதம். அதனால் மனசாட்சிக்காக மாற விரும்புகிறேன் என்று அங்கிருந்து யாராவது கேட்டால் தாராளமாக மாறுங்கள் என்றே சொல்கிறேன். கட்டணம் வேறுபடும் மற்ற திட்டங்களில் இருப்பவர்களிடம், இரண்டு ஃபண்டுகளின் கட்டணத்தையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்கிறேன்.