படத்தில் இருப்பது எந்த மாஸ்க்?

ஒரு மாஸ்க்கின் படத்தைக் காட்டி இது எந்த வகை என்று கேட்டால், பெரும்பாலானோர் நிறத்தை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். நீலமாக இருந்தால் சர்ஜிக்கல், வெள்ளையாகக் கூம்பியிருந்தால் என்95, பூப்போட்டிருந்தால் துணி. பாதி நேரம் இது சரியாகவே இருக்கும். தவறும் இடங்கள்தான் சிக்கலானவை. மருத்துவமனைகளில் பயன்படும் என்95 வகைகளில் நீலப்பச்சை நிறக் கிண்ணம் போன்றவை உண்டு. என்95 போலவே வெட்டித் தைத்த வெள்ளைப் பருத்தி மாஸ்க்கும் கடைகளில் தொங்குகிறது. நிறம் சாயத்தின் வேலை, அதை நம்ப முடியாது.

நான் படம் பார்க்கும் வரிசை வேறு. முதலில் பட்டை எங்கே போகிறது, அடுத்து ஓரம் எப்படி இணைந்திருக்கிறது, அப்புறம்தான் வடிவம்.

பட்டையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தி, இழுக்கும் மூச்சு முழுவதையும் வடிகட்டி வழியாகவே உள்ளே விடுவதற்காகச் செய்ததுதான் ரெஸ்பிரேட்டர். அப்படிப் பொருந்த வேண்டுமென்றால் சுற்றிலும் ஒரே அளவு இழுவிசை வேண்டும். காது மடல் அவ்வளவு இழுவையைத் தாங்காது, சற்று நேரத்திலேயே வலிக்கும். அதனால் என்95 வகையில் இரண்டு பட்டைகள் தலையைச் சுற்றிப் போகும். ஒன்று காதுக்கு மேலே ஏறி உச்சந்தலையின் பின்பக்கம் உட்காரும். மற்றொன்று காதுக்குக் கீழே இறங்கிப் பிடரியைச் சுற்றும். முகத்தை நேராக எடுத்த படத்தில் ஒவ்வொரு கன்னத்திலும் இரண்டு கோடுகள் தெரியும்: ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. காது மடல் இயல்பாக இருக்கும். காதில் மாட்டும் எலாஸ்டிக் என்றால் மடல் முன்னுக்கு இழுபட்டு மடங்கியிருக்கும், கன்னத்தின் இரு கோடுகளும் காதின் பின்னால் போய் மறைந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அறுவைச் சிகிச்சை அறையில் அணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கில் எலாஸ்டிக்குக்குப் பதில் நான்கு நாடாக்கள் இருக்கும். மேல் இரண்டை உச்சந்தலைப் பக்கமும் கீழ் இரண்டைப் பிடரியிலும் முடிச்சுப் போடுவார்கள். முன்பக்கப் படத்தில் இதுவும் கன்னத்துக்கு இரண்டு கோடுகளாகத்தான் தெரியும். கோட்டின் தன்மையைப் பார்த்தால் பிரித்துவிடலாம். நாடா தட்டையாக, மாஸ்க் செய்த அதே துணியால் ஆனதுபோல் இருக்கும். மாஸ்க்கின் நான்கு மூலைகளிலிருந்து கிளம்பும். ரெஸ்பிரேட்டரின் பட்டை ரப்பர் போல நீண்டு இறுகி, தோலில் சற்றே அழுந்தியிருக்கும். சில பழைய கிண்ண வடிவ மாடல்களில் அது ஸ்டேப்பிள் பின் கொண்டு அடிக்கப்பட்டிருப்பதுகூடத் தெரியும்.

காதுப்பட்டை இருந்தாலே ரெஸ்பிரேட்டர் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சீனத் தரத்தின் கேஎன்95, கொரியாவின் கேஎஃப்94 இரண்டும் பெரும்பாலும் காதுப்பட்டையோடுதான் வருகின்றன. அவற்றின் வடிகட்டி நல்லதாகவே இருக்கலாம், ஆனால் தலைப்பட்டை தரும் இறுக்கம் கிடைப்பது கடினம்.

அடுத்து ஓரம். படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். நூல் தெரிந்தால், ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், ஓரம் மடித்துத் தைத்திருந்தால், அது துணி மாஸ்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். துணியின் நெசவும் உதவும்: குறுக்கும் நெடுக்குமாக இழைகள் ஓடுவது கிட்டத்தில் எடுத்த படத்தில் பிடிபடும். சர்ஜிக்கல் மாஸ்க்கும் ரெஸ்பிரேட்டரும் பெரும்பாலும் நெய்யாத பாலிப்ரொப்பிலீன் தாள்களால் ஆனவை. அவற்றைத் தைப்பதில்லை, மீயொலி அதிர்வால் உருக்கி ஒட்டுவார்கள். ஒட்டிய இடம் சிறு புள்ளிகள் அல்லது கோடுகளின் வரிசையாக, அமுக்கிய தடம் போலத் தெரியும். காதுப்பட்டையின் முனையும் சர்ஜிக்கல் மாஸ்க்கில் மூலையில் ஒரு சின்னச் சதுரமாகவோ வட்டமாகவோ உருகி ஒட்டியிருக்கும். வடிகட்டி உள்ள பகுதியின் நடுவே ஊசி ஏறினால் ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டை. அதனால்தான் நடுக்கோட்டில் தையல் ஓடும் கூம்பு மாஸ்க்கைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வரும்.

வடிவத்துக்கு வருவோம். சர்ஜிக்கல் மாஸ்க் ஒரு செவ்வகம். நடுவில் மூன்று மடிப்புகள், மேல் ஓரத்தில் மூக்குக் கம்பி, அவ்வளவுதான். மடிப்பை விரித்துத் தாடைக்குக் கீழே இழுத்தாலும் பக்கவாட்டு ஓரங்கள் கன்னத்தில் படியாமல் வாய்போலத் திறந்து நிற்கும். முக்கால் பக்கமாக எடுத்த படத்தில் அந்த இடைவெளி அப்படியே தெரியும். அணிந்தவரின் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தால் மூக்கோரமும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் குறை என்று சொல்ல முடியாது. அணிந்திருப்பவரின் எச்சில் துளி எதிரே இருப்பவர்மேலோ அறுவைக் காயத்திலோ விழாமல் தடுப்பதும், ரத்தம் தெறித்தால் முகத்தில் படாமல் காப்பதும்தான் அதற்குக் கொடுத்த வேலை.

ரெஸ்பிரேட்டர் பல வடிவங்களில் வரும். கெட்டியான கிண்ணம், நடுக்கோட்டில் மடிந்து அலகுபோல முன்னுக்கு நீளும் கூம்பு, வாத்து மூக்கு, மேல்-நடு-கீழ் என மூன்று பலகையாக விரியும் மடிப்பு. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு: வாய்க்கு முன்னால் காற்று நிற்க இடம், சுற்றிலும் முகத்தில் படியும் விளிம்பு. ஆனால் இந்த வடிவத்தைத் துணியிலும் வெட்டித் தைத்துவிடலாம் என்பதால் வடிவத்துக்கு நான் கடைசி இடம்தான் தருவேன்.

இனி வடிகட்டி. உண்மையில் வேலை செய்யும் பகுதி இதுதான், படத்தில் தெரியாத பகுதியும் இதுதான். சர்ஜிக்கல் மாஸ்க்கின் மூன்று அடுக்கில் நடு அடுக்கும், ரெஸ்பிரேட்டரின் உள் அடுக்குகளும் மெல்ட்ப்ளோன் என்ற வகை. உருகிய பாலிப்ரொப்பிலீனைச் சூடான காற்றால் ஊதி, சில மைக்ரான் தடிமனே உள்ள இழைகளாக்கி, குறுக்கும் மறுக்குமாகப் படியவைப்பார்கள். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பிடிக்க வேண்டிய துகளைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியிருந்தும் துகள் ஏன் மாட்டிக்கொள்கிறது? அந்த இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் போல, கடந்து போகும் துகளை இழை தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதனால்தான் மூச்சுத் திணறாத அளவுக்குத் தளர்வான அடுக்கை வைத்தே அமெரிக்கத் தரம் கேட்கும் அளவை எட்ட முடிகிறது: நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றில், சுமார் 0.3 மைக்ரான் உப்புத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். என்95 என்ற பெயரில் உள்ள 95 இதுதான். ஐரோப்பிய எஃப்எஃப்பி2-க்கும் கொரிய கேஎஃப்94-க்கும் இந்த எண் 94.

பருத்தித் துணியில் இந்த மின்னூட்டம் கிடையாது. நெசவை நெருக்கினால் துகள் குறையும், மூச்சும் முட்டும். அதனால்தான் 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் துணி மாஸ்க்குக்கு மூன்று அடுக்கு சொன்னபோது, நடு அடுக்கை நெய்யாத பாலிப்ரொப்பிலீனாக வைக்கலாம் என்றது.

சரி, ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிடுவோம். விற்பனைப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் வகை: வெள்ளை நிறம், நடுவில் செங்குத்துக் கோடு, அலகு வடிவம், காதுப்பட்டை, ஒரு பக்கம் வட்டமான பிளாஸ்டிக் வால்வு, கன்னத்தில் பெரிதாக "N95" என்று அச்சு. தலைப்பில் என்95 ரெஸ்பிரேட்டர் என்று போட்டிருக்கிறது.

பட்டை காதில் மாட்டுவது. அமெரிக்காவின் நயோஷ் அமைப்புதான் என்95-க்கு ஒப்புதல் தருவது. தலைப்பட்டைக்குப் பதில் காதுப்பட்டை இருப்பது போலியின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்ட பட்டியலே சொல்கிறது. ஆக, தலைப்பு இங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. அடுத்து எழுத்து. ஒப்புதல் பெற்ற மாஸ்க்கின் மேலேயே நிறுவனப் பெயர், மாடல் எண், லாட் எண், "NIOSH" என்ற சொல், "TC-84A" என்று தொடங்கும் எண் எல்லாம் இருக்கும். "N95" மட்டும் தனியாக இருந்தால் அதற்கு மதிப்பில்லை. "NIOSH" என்ற சொல்லில் எழுத்துப் பிழை இருந்தாலும், குழந்தைகளுக்கான என்95 என்று எழுதியிருந்தாலும் போலிதான். குழந்தைகளுக்கு நயோஷ் ஒப்புதல் தருவதில்லை. ஒருவேளை இது இந்தியத் தரத்தில் செய்ததாக இருக்குமோ? அப்படியானால் ஐஎஸ்ஐ முத்திரையும், அதன்மேல் "IS 9473" என்ற எண்ணும், கீழே "CM/L" என்று தொடங்கும் உரிம எண்ணும், "FFP2" போன்ற வகுப்பும் மாஸ்க்கிலோ உறையிலோ இருக்க வேண்டும். சீனத் தரம் என்றால் "GB 2626" என்று தொடங்கி ஆண்டோடு முடியும் எண்ணும் "KN95" என்ற சொல்லும். இந்தப் படத்தில் எதுவுமே இல்லை.

நடுக்கோட்டைப் பெரிதாக்கினால் அமுக்கிய புள்ளிகளுக்குப் பதில் நூல் தெரிகிறது. கடைசியாக வால்வு. அடியில் உண்மையான துளை இருக்கிறதா என்று வெளிப்பக்கப் படம் சொல்லாது, உட்பக்கப் படம் வேண்டும். உள்ளே வட்டத் துளையோ சல்லடை போன்ற தட்டோ தெரிந்தால் அது நிஜ வால்வு. வெறும் துணி மட்டும் தெரிந்தால் பிளாஸ்டிக் மூடி அலங்காரத்துக்கு ஒட்டியது. நிஜமாகவே இருந்தாலும் அது வடிகட்டியின் தரத்தைக் காட்டாது. வெளிவிடும் மூச்சை எளிதாக்குவது மட்டுமே அதன் வேலை. அந்த மூச்சு வடிகட்டப்படாமலே வெளியேறும். 2020 ஜூலையில் இந்திய சுகாதாரத் துறை, வால்வு வைத்த என்95-ஐப் பொதுமக்கள் அணிவதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது இதனால்தான். ஆக, படத்தில் இருப்பது ரெஸ்பிரேட்டர் வடிவில் தைத்த ஒரு மாஸ்க். அதற்கு மேல் உயர்த்திச் சொல்ல படத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

படத்தால் சொல்லவே முடியாதவையும் உண்டு. மெல்ட்ப்ளோன் அடுக்கே இல்லாமல் இரண்டு தாளை ஒட்டிய நீல மாஸ்க், முறையான மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கின் படத்தோடு அப்படியே ஒத்துப்போகும். கத்திரியால் வெட்டிப் பிரித்தால்தான் நடுவில் மெல்லிய, ஒளி அதிகம் ஊடுருவாத வெள்ளைத் தாள் இருக்கிறதா என்று தெரியும். இன்னொன்று, சோப்பில் துவைத்த அல்லது ஆல்கஹாலில் நனைத்த என்95. அதன் மின்னூட்டம் போய்விடும், துகளைப் பிடிக்கும் திறன் வெகுவாக இறங்கிவிடும். காயவைத்து எடுத்த படத்திலோ பட்டை, ஒட்டு, அச்சு, வடிவம் எல்லாமே புதிதுபோலவே இருக்கும். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படங்கள் கேட்கலாம்: மாஸ்க்கில் அச்சான எழுத்து தெளிவாகத் தெரியும் ஒன்று, உட்பக்கம் ஒன்று, பட்டை இணையும் இடம் ஒன்று. எழுத்தில் உள்ள ஒப்புதல் எண்ணை நயோஷ் தளத்திலும், உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியிலும் தேடி, அது அதே நிறுவனத்தின் பெயரைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.