அடிமான நிரப்பி: ஐந்தடிமானத்தில் ஒரு கணக்கு

கணினி அறிவியல் படித்தவர்களுக்கு '1-ன் நிரப்பி', '2-ன் நிரப்பி' இரண்டும் பழகிய சொற்கள். இருநிலை எண்ணில் 0 வந்தால் 1, 1 வந்தால் 0 என்று மாற்றிப் போட்டால் முதலாவது வந்துவிடும். அதோடு 1 கூட்டினால் இரண்டாவது. கை பழகிவிட்டால் எதை எதற்கு நிரப்புகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. 0 முதல் 4 வரையான இலக்கங்களால் மட்டும் எண்களை எழுதும் ஐந்தடிமானத்துக்குப் போனால் இந்தப் பழக்கம் உதவாது. அங்கே மாற்றிப் போடுவதற்கு இரண்டு இலக்கங்கள் அல்ல, ஐந்து இருக்கின்றன.

இவற்றின் பொதுப்பெயர்கள் ஆங்கிலத்தில் 'ரேடிக்ஸ் காம்ப்ளிமெண்ட்', 'டிமினிஷ்ட் ரேடிக்ஸ் காம்ப்ளிமெண்ட்'. ரேடிக்ஸ் என்றால் இலத்தீனில் வேர். முள்ளங்கியைக் குறிக்கும் ராடிஷ் என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் இதை வேர் என்றோ மூலம் என்றோ சொல்லப்போனால் வர்க்கமூலம், கனமூலத்தோடு குழம்பும். கட்டடத்தின் கடைக்காலைச் சொல்லும் 'அடிமானம்' நன்றாகப் பொருந்துகிறது. காம்ப்ளிமெண்ட் என்பது 'முழுக்க நிரப்பு' என்ற பொருள்கொண்ட இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நிரப்பு என்ற வினையோடு இகரம் சேர்ந்த 'நிரப்பி', நிரப்புவது எதுவோ அது. 90 பாகையை நிரப்பும் நிரப்புக் கோணமும் இதே கருத்துதான்.

நிரப்பி என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, எதுவரை நிரப்ப வேண்டும் என்பது. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த எல்லையில்தான் இருக்கிறது. அடிமானம் b, இலக்கங்கள் n என்றால், y என்ற எண்ணின் அடிமான நிரப்பி bⁿ − y. மற்றது, அதாவது ஒன்று குறைந்த அடிமான நிரப்பி, (bⁿ − 1) − y. நான்கு இலக்க ஐந்தடிமான எண்ணுக்கு முதல் எல்லை 10000₅, அதாவது நம் வழக்கமான எண்ணில் 625. இரண்டாவது எல்லை 4444₅, அதாவது 624. 4444-லிருந்து கழிக்கும்போது எந்த இலக்கத்திலும் கடன் வாங்க வேண்டியதில்லை. 0 எனில் 4, 1 எனில் 3, 2 எனில் அதே 2, 3 எனில் 1, 4 எனில் 0. இந்த வசதிக்காகத்தான் ஒன்று குறைந்த எல்லையையும் வைத்துக்கொள்கிறோம்.

3021₅-லிருந்து 1304₅-ஐக் கழிப்போம். வழக்கமான எண்ணில் இது 386 − 204, விடை 182. கழிக்க வேண்டிய 1304-ஐ 4444 வரை நிரப்புவது 3140. ஒன்று கூட்டினால் அடிமான நிரப்பி 3141. இனிக் கழித்தலே கிடையாது, கூட்டல்தான்.

```
  3021
+ 3141
------
 11212
```

வலப்பக்கத்தில் 1-ம் 1-ம் 2. அடுத்து 2-ம் 4-ம் ஆறு; ஐந்தடிமானத்தில் அது 11, எனவே 1 போட்டுக் கையில் 1. பிறகு 0, 1, கையில் இருக்கும் 1 சேர்ந்து 2. கடைசியில் 3-ம் 3-ம் மறுபடி 11. முன்னால் தள்ளிவரும் 1 நாம் சேர்த்துக்கொண்ட 10000-தான். அதை விட்டுவிட்டால் 1212₅. அதாவது 125 + 50 + 5 + 2, சரியாக 182.

3141-க்குப் பதிலாக 3140-ஐயே கூட்டினால் 11211 வரும். நாம் சேர்த்தது 4444. முன்னால் உள்ள 1-ஐ நீக்கும்போது விடுவதோ 10000. ஒன்று அதிகமாகப் போய்விடுகிறது. அதனால் நீக்கிய அந்த 1-ஐ வலக்கோடியில் திரும்பக் கூட்ட வேண்டும்: 1211 + 1 = 1212. ஒன்று குறைந்த நிரப்பியில் ஒன்றைக் கூட்டும் வேலை இல்லாமல் போவதில்லை, கடைசிக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

முன்னால் 1 தள்ளி வராவிட்டால் விடை எதிர்ம எண். 1304 − 3021 செய்து பாருங்கள். 3021-இன் அடிமான நிரப்பி 1424. கூட்டினால் 3233, தள்ளிவரும் 1 இல்லை. 3233-க்கு மறுபடி நிரப்பி எடுத்தால் 1212. ஆகவே விடை −1212₅.

பலரும் தவறுவது இலக்க எண்ணிக்கையில். 3021-லிருந்து 14-ஐக் கழிக்கும்போது 14-ஐ ஈரிலக்கமாகவே நிரப்பினால் 31 வரும், கூட்டுத்தொகை 3102. கழித்த பிறகு எண் பெருத்திருக்கிறது, அதுவே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். 0014 என்று எழுதி நிரப்பினால் 4431. கூட்டினால் 13002, விடை 3002. தவறான விடையில் மிகுந்திருப்பது சரியாக 100₅, அதாவது ஈரிலக்கத்துக்கான எல்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. '4-ன் நிரப்பி' என்றால் எது? நான்கடிமானத்தில் அது அடிமான நிரப்பி, ஐந்தடிமானத்தில் ஒன்று குறைந்த நிரப்பி. கணினி அறிவியலர் டொனால்ட் குனூத் இதற்கு ஆங்கில அப்பாஸ்ட்ரபிக் குறியின் இடத்தைக் கவனிக்கச் சொன்னார். two's complement என்பதில் குறி s-க்கு முன்னால், ones' complement என்பதில் பின்னால். முதலாவது 2-இன் ஒரே ஓர் அடுக்கு வரை நிரப்புவது, இரண்டாவது வரிசையாக நிற்கும் பல 1-கள் வரை நிரப்புவது. தமிழில் அந்தக் குறியை நம்ப வேண்டாம், பன்மை விகுதியே போதும்: ஐந்தின் நிரப்பி, நான்குகளின் நிரப்பி. பொதுப்பெயராக அடிமான நிரப்பி, ஒன்று குறைந்த அடிமான நிரப்பி. இரண்டாவதை வெறுமனே 'குறைந்த நிரப்பி' என்று சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை. எது குறைந்தது என்பதே அதில் மறைந்துபோகிறது.

இந்த உத்தி மின்னணுக் கணினியைவிட மிகப் பழையது. 1642-இல் பிளேஸ் பாஸ்கல் உருவாக்கத் தொடங்கிய கணக்கு இயந்திரத்தின் சக்கரங்கள் ஒரே திசையில்தான் சுழலும், அதனால் கழித்தலை ஒன்பதுகளின் நிரப்பி கொண்டே செய்ய வேண்டியிருந்தது. அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 12 தெனியே ஒரு சூ, 20 சூ ஒரு லீவ்ர். பணக் கணக்குக்கான இயந்திரங்களில் தெனியேச் சக்கரம் 11 வரைக்கும் சூச் சக்கரம் 19 வரைக்கும் நிரப்பின. ஒரே எண்ணில் மூன்று அடிமானங்கள்!

எதிர்ம எண்ணை அதன் அடிமான நிரப்பியாகவே எழுதிவைப்பதுண்டு. அப்படி எழுதிய எண்ணின் குறியைப் படிக்கும்போது ஐந்தடிமானத்தின் தனித்தன்மை தெரியும். பத்தடிமானத்தில் முதல் இலக்கம் 5 முதல் 9 வரை இருந்தால் எதிர்மம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஐந்து ஒற்றைப்படை, சரிபாதி விழாது. நான்கு இலக்கத்தில் 0000 முதல் 2222 வரை நேர்மம், 2223 முதல் 4444 வரை எதிர்மம். முதல் இலக்கம் 2 என்றால் 2 அல்லாத இலக்கம் வரும்வரை வலப்பக்கம் போக வேண்டும். அது 0 அல்லது 1 எனில் நேர்மம், 3 அல்லது 4 எனில் எதிர்மம், கடைசிவரை 2 எனில் நேர்மம். இந்தத் தொல்லைக்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. எட்டு பிட் எண்ணில் −128 இருக்கும், +128 இருக்காது. இங்கே −312 முதல் +312 வரை இரு பக்கமும் சமம்.

ஒன்று குறைந்த நிரப்பியில் இந்தச் சமநிலை கெடுகிறது. 0000, 4444 இரண்டுமே சுழி. அதுவாவது இருநிலை எண்ணிலும் உள்ள பழைய தொல்லை. இங்கே புதிதாக 2222 சேர்கிறது. அதை 4444 வரை நிரப்புவதும் 2222-தான். அது +312-ஆ, −312-ஆ என்று எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பயன்படுத்துபவர் ஒரு பக்கத்தை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும், அல்லது 2222-ஐயே ஒதுக்கிவிட்டு 311 வரைக்கும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.