கண் முறைப்பதுபோல் தெரிகிறதா? பழைய போட்டோக்களை எடுத்து வாருங்கள்

பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்கப் போன இடத்தில் ஸ்டுடியோக்காரர் நான்கு முறை சொன்னாராம், "சாதாரணமா பாருங்கம்மா, முறைக்காதீங்க" என்று. முப்பத்தாறு வயது ஆசிரியை. அவர் சாதாரணமாகத்தான் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பிரிண்ட்டைப் பார்த்த அக்கா, "என்னடி, கண்ணு இப்படி வெளிய வந்து நிக்குது?" என்று கேட்ட பிறகுதான் பயம் வந்திருக்கிறது. (அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த மாதிரி வருகிறவர்களிடம் கண் டாக்டரான நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அல்ல, பழைய போட்டோக்களை. வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், கல்யாண ஆல்பம், வேலையில் சேர்ந்தபோது எடுத்த படம் என்று எது கிடைத்தாலும் சரி. பிறவியிலேயே பெரிய கண்கள் உள்ள குடும்பங்கள் உண்டு. அம்மாவுக்கும் பாட்டிக்கும் அப்படித்தான் என்றால் அது நோயல்ல. எனக்குத் தெரிய வேண்டியது கண் பெரிதாக இருக்கிறதா என்பதல்ல, மாறியிருக்கிறதா என்பதுதான். செல்ஃபியை மட்டும் நம்புவதில்லை. கைநீளத் தூரத்தில் போன் முகத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிவிடும், புருவத்தைத் தூக்கினாலே இமையும் ஏறிவிடும். அடையாள அட்டைக்கு எடுத்த படம் நல்லது. நேராகப் பார்த்து, சிரிக்காமல் எடுத்திருப்பார்கள்.

போட்டோவில் எதைப் பார்ப்பது? படத்தைப் பெரிதாக்கி, கருவிழியைக் கடிகார முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் இமை பன்னிரண்டு மணி இடத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்க வேண்டும். கீழ் இமை ஆறு மணி இடத்தைத் தொட்டு நிற்கும். ஆசிரியையின் பழைய லைசென்ஸ் படத்தில் இரண்டு கண்ணும் அப்படித்தான் இருந்தன. புதிய படத்தில் வலது கண்ணில் கருவிழிக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. இடது கண்ணில் இமை கருவிழியின் விளிம்பிலேயே நின்றது. அந்த வெள்ளைக் கீற்றுதான் "முறைக்கிற" தோற்றத்தைத் தருகிறது. கண் வெளியே வராமலே, இமை மட்டும் மேலேறினாலும் முகம் அப்படித்தான் தெரியும்.

ஆகவே இமை ஏறியிருக்கிறதா, கண்ணே முன்னால் தள்ளியிருக்கிறதா, இரண்டுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையை என் பக்கம் சாய்த்துப் புருவத்துக்கு மேலிருந்து கீழே பார்த்தேன். கண் தள்ளியிருந்தால் இமை புருவ எலும்பைத் தாண்டி எட்டிப்பார்க்கும். அப்புறம் ஹெர்டெல் என்ற கண்ணாடிகள் பொருத்திய அளவுகோலை வைத்து, கண்குழியின் வெளிப்பக்க எலும்பிலிருந்து விழியின் முன்பகுதி எவ்வளவு தூரம் என்று அளந்தேன். வலது 20 மில்லிமீட்டர், இடது 17. இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இரண்டுக்கு மேல் போனால் கவனிக்கத்தான் வேண்டும். கடைசியாக என் விரலை மெதுவாகக் கீழே இறக்கி, பார்வையால் பின்தொடரச் சொன்னேன். விழி கீழே போயிற்று. வலது மேல் இமை உடனே இறங்கவில்லை, ஒரு கணம் மேலேயே தங்கிவிட்டுப் பிறகுதான் தொடர்ந்தது. அதைப் பார்த்ததுமே தைராய்டு என்று மனதில் பட்டுவிட்டது.

கேட்டால் ஒவ்வொன்றாக வந்தது. ஐந்து மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறார், ஆனால் பசி அதிகம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பு. கரும்பலகையில் எழுதும்போது கை நடுக்கம். எல்லாரும் போர்த்திக்கொண்டு இருக்கும்போது இவருக்கு மட்டும் ஃபேன் வேண்டும். சர்க்கரை நோயோ என்று பயந்து அதை மட்டும் இரண்டு முறை பார்த்திருக்கிறார். நார்மல்.

ரத்தம் எடுக்கும் முன் இன்னொன்று கேட்டேன்: "முடி வளர மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" ஆமாம் என்றார். அந்த மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின், சில பரிசோதனை முறைகளில் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். தைராய்டு ஹார்மோன் அதிகம், அதைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். குறைவு என்று நோயே இல்லாதவருக்கும் ரிப்போர்ட் வரலாம். அதனால் குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு வாரம் நிறுத்தினார். டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்யம், தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் அதிகம், டி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தது. இது, உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய். இரண்டு கண்ணுக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்ததால் கண்குழிக்கு சி.டி. ஸ்கேனும் எடுத்தோம், கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல். அந்த ஊசியில் அயோடின் இருக்கிறது, கொதித்துக்கொண்டிருக்கும் தைராய்டுக்கு அது வேண்டாம். கண்ணை அசைக்கும் தசைகளின் நடுப்பகுதி வீங்கியிருந்தது. கட்டி எதுவும் இல்லை.

ஹார்மோன் டாக்டர், தைராய்டு ஹார்மோனைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை ஆரம்பித்தார். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். மூன்று மாதத்தில் படபடப்பு போனது, எடை ஏறியது, ரிப்போர்ட் நார்மல். ஆனால் கண்? அவர் அழுதுகொண்டேதான் கேட்டார்: "தைராய்டு சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க, கண்ணு மட்டும் ஏன் டாக்டர் இப்படியே இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். மேல் இமைக்குள் ஒரு மெல்லிய தசை இருக்கிறது. நாம் திடுக்கிடும்போது கண் அகலமாவதில் அதற்குப் பங்கு உண்டு. ஹார்மோன் அதிகமானால் அது எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஹார்மோன் இறங்கினால் அந்த முறுக்கும் தளர்ந்து, முறைப்பில் ஒரு பங்கு குறையும். மற்ற பங்கு வேறு கதை. தைராய்டைத் தூண்டும் அதே ஆன்டிபாடி, கண்ணுக்குப் பின்னால் உள்ள திசுவையும் தாக்குகிறது. அங்கே கொழுப்பும் தசையும் வீங்குகின்றன. கண்குழி எலும்புப் பெட்டி, விரியாது. உள்ளே இடம் போதாமல் விழி முன்னால் தள்ளப்படுகிறது. தைராய்டு கண்ணைக் கெடுக்கவில்லை, ஒரே நோய் இரண்டு இடத்தைத் தாக்குகிறது. அதனால்தான் தைராய்டு அளவு நார்மலாகவே உள்ள சிலருக்கும் இந்தக் கண் நோய் வருகிறது.

கண்ணில் உள்ள வீக்கத்துக்குத் தனியான காலக்கணக்கு உண்டு. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வருடம் சூடாக இருந்து, பிறகு தணிந்து, எங்கே நின்றதோ அங்கேயே தழும்பாக நின்றுவிடும். அந்தச் சூட்டை அதிகமாக்குவதில் முதலிடம் சிகரெட்டுக்குத்தான். பீடிக்கும் அதே கணக்கு. தைராய்டு அளவு மேலும் கீழும் ஆடுவதும் கெடுதல், மாத்திரை அதிகமாகி ஹார்மோன் மிகவும் குறைந்துபோவதும் உட்பட. ஆசிரியைக்கு லேசான நோய் என்பதால் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தலைக்கு உயரமான தலையணை, ஆறு மாதம் செலினியம் மாத்திரை, இவ்வளவுதான் கொடுத்தேன். கண் சிவந்து வலித்து, வீக்கம் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறோம். அது ஆஸ்பத்திரியில், சர்க்கரையும் ஈரலும் பார்த்துக்கொண்டு செய்கிற காரியம்.

வீட்டில் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். தூங்கும்போது கண் முழுக்க மூடுகிறதா என்று கணவர் பார்க்க வேண்டும். மூடவில்லை என்றால் கருவிழி காய்ந்து புண்ணாகும். இன்னொன்று, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்து, ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் பார்ப்பது, பிறகு மாற்றிப் பார்ப்பது. ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறதே என்று காத்திருக்கக் கூடாது, அன்றே வந்துவிட வேண்டும்.

பெரியவர்களில் ஒரு கண் தள்ளினாலும் இரண்டு கண் தள்ளினாலும் முதல் சந்தேகம் தைராய்டுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் தவறிப்போவதும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். ஒரு கண் சிவந்து தள்ளியிருந்தது. வேறோர் இடத்தில் தைராய்டு என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள், ரத்தப் பரிசோதனை நார்மலாக இருந்தும். "ராத்திரி காதுக்குள்ள புஸ் புஸ்ஸுனு சத்தம் கேக்குது, நாடி மாதிரியே" என்றார். மூடிய இமை மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஆறு வாரத்துக்கு முன் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறார். கண்ணுக்குப் பின்னால் தமனி கிழிந்து, ரத்தம் நேரே சிரைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ரத்தக்குழாய் வழியாகச் சென்று அதை அடைத்த பிறகு கண் உள்ளே போனது.

குனிந்தால் மட்டும் கண் தள்ளுகிறது என்றால் சிரை வீக்கம். ஒரே கண் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தள்ளுகிறது, அல்லது ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்றால் பின்னால் கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். காய்ச்சலோடு கண் வீங்கித் தள்ளினால், சைனஸிலிருந்து வந்த தொற்றாக இருக்கலாம். குழந்தைக்கு அப்படி வந்தாலும், காய்ச்சலே இல்லாமல் சில நாட்களுக்குள் கண் தள்ளிக்கொண்டு வந்தாலும், சர்க்கரை உள்ளவருக்கு வந்தாலும் அன்று இரவையே தாண்டவிடக் கூடாது.

சில நேரம் கண் தள்ளவே இல்லை, தோற்றம்தான். மைனஸ் பத்துக்கு மேல் பவர் உள்ளவர்களுக்கு விழியே நீளம். இன்னொரு வகையில், கோளாறு மறு கண்ணில் இருக்கும்: அந்த இமை தளர்ந்து தொங்க, அதைத் தூக்க மூளை அனுப்பும் உத்தரவு இரண்டு இமைக்கும் போவதால் நல்ல கண் அகலமாகிவிடும். தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பிடித்தால், "முறைத்த" கண்ணின் இமை தானாக இறங்கும்.

ஆசிரியைக்கு இப்போது இருபது மாதம் ஆகிறது. இடது கண் பழைய போட்டோவில் உள்ளபடியே வந்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளைக் கீற்று பாதி மிச்சம். இமையை இறக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை செய்யலாம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் செய்துவிடுங்கள் என்று கேட்டார். இமையின் அளவு ஆறு மாதமாவது மாறாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் இன்று சரிசெய்த இமை நாளை மறுபடி மாறிவிடும். நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், அக்கா கையில் போன், நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புகிறார். இன்னும் இரண்டு படம் வர வேண்டும்.