பீற்றூட் ஜூஸ் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு பெண் மூச்சு வாங்க வாங்க வந்தார். வயது 39, முல்லைத்தீவுப் பக்கம், வயலும் வீட்டுத்தோட்டமுமாக இருப்பவர். குளக்கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினால் நடுவில் இரண்டு தரம் நிற்க வேண்டியிருக்கிறதாம். ஏற்கெனவே ஓரிடத்தில் வீசிங் என்று பம்ப் கொடுத்திருக்கிறார்கள், இன்னோரிடத்தில் பிரஷர் குறைவு என்று விற்றமின் குளிசை. மாதவிடாய் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டபோதும், "அது எனக்கு எப்பவும் அப்பிடித்தான் டொக்டர், அம்மாவுக்கும் அப்பிடித்தான்" என்று முடித்துவிடப் பார்த்தார்.

விடாமல் கேட்டேன். 9 நாள் போகிறது. முதல் மூன்று நாளும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பேட். இரவில் மாற்றவென்றே எழும்ப வேண்டும். பத்து ரூபாய்க் குற்றியை விடப் பெரிய கட்டிகள் விழுகின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலே அது அதிக இரத்தப்போக்குத்தான். அம்மாவுக்கும் அப்படி இருந்தது என்றால், அம்மாவையும் யாரும் பரிசோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அவருடைய ஹீமோகுளோபின் 6.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 ஆவது இருக்க வேண்டும், 8க்குக் கீழே போனால் கடுமையான சோகை. இவ்வளவு குறைந்தும் எப்படி வயலுக்குப் போனார் என்று கேட்பீர்கள். இரத்தம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே 'நான் தாங்குவேன்தானே' என்பது ஒரு அளவுகோலே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்து சிவப்பாக இருக்கிறது என்று ஆறுதல்படுவதும் சரியில்லை. 10 அளவில் இருக்கும் சோகையை இமையில் பார்த்து உறுதியாகச் சொல்ல எங்களாலும் முடியாது.

சரி, பீற்றூட்டுக்கு வருவோம். இவரும் மாதக்கணக்கில் பீற்றூட் ஜூஸ்தான் குடித்திருக்கிறார். சிவப்பாக இருப்பதால் அது இரத்தம் ஆகிவிடாது! அந்த நிறத்துக்கும் இரும்புச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராம் பீற்றூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, அதிலும் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். ஆஸ்பத்திரியில் தரும் 200 மில்லிகிராம் இரும்புக் குளிசை ஒன்றில் இரும்பு மட்டும் ஏறத்தாழ 60 மில்லிகிராம், அதற்கே 7 கிலோவுக்கு மேல் பீற்றூட் வேண்டும். இந்தப் பக்கம் செலவைப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றர் நல்ல இரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. நல்ல சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுப்பது 1 அல்லது 2 மில்லிகிராம். மாதாமாதம் இப்படிக் கொட்டினால் சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாது. முருங்கையிலை, மீன், ஈரல் எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் அதை வைத்தியமாக நினைக்காதீர்கள். 'கெட்ட இரத்தம்தானே, போகட்டும்' என்று தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். போவது நல்ல இரத்தம்தான்.

மேலே சொன்ன மாதிரி இரத்தம் போகிறதென்றால் களைப்பு வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். எஃப்.பி.சி என்ற முழு இரத்தப் பரிசோதனையை இப்போதே செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தும் களைப்பு விடவில்லை என்றால் ஃபெரிட்டின் பற்றிக் கேளுங்கள், அது சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும். 30க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துகொண்டு வருகிறது. காய்ச்சலோடு போய் அதைச் செய்யாதீர்கள், கூட்டிக் காட்டும். சிவப்பணு சிறியதாக இருந்தும் ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் தலசீமியா பண்பு இருக்கலாம். அவர்களுக்கு இரும்புக் குளிசை தேவைப்படாது. அதனால்தான் பரிசோதிக்காமல் பார்மசியில் வாங்கி விழுங்க வேண்டாம் என்கிறோம்.

இவருக்கு ஸ்கானில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்பி, போக்கைக் குறைக்கும் மருந்தும் இரும்பும் தொடங்கினோம். போக்கை நிறுத்தாமல் இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை. குளிசையைப் பிளேன்ரீயோடு போடாதீர்கள், தேநீர் இரும்பைச் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட 2 ஏற வேண்டும். ஏறாவிட்டால் திரும்ப வாருங்கள். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு நோகிறது, மயக்கம் வருகிறது, அல்லது மணிக்கொரு பேட் நனைகிறது என்றால் கிளினிக் நாளைப் பார்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலும் தாமதிக்கக் கூடாது. எந்த டொக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், எத்தனை நாள், எத்தனை பேட் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.